கோடைப் பயிற்சி விண்ணப்பத்தில் 'உங்களைப் பற்றி': பள்ளி மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்குக் கோடையில் நடத்தும் பயிற்சிகளின் விண்ணப்பத்தில், மதிப்பெண் எல்லாம் நிரப்பி முடித்தபின் 'உங்களைப் பற்றி' அல்லது 'பயோ' என்று ஒரு காலிக் கட்டம் வரும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் வந்து நிற்பவர்களின் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம்.

பயோன்னா என்ன சார்? ரெஸ்யூம் மாதிரி லிஸ்ட் போடணுமா, இல்ல கட்டுரையா?

இரண்டும் இல்லை. பெரும்பாலும் 50 முதல் 150 சொற்களுக்குள் ஒரே பத்தி. படிப்பு, பள்ளி, மதிப்பெண் எல்லாம் விண்ணப்பத்தின் வேறு கட்டங்களில் ஏற்கெனவே இருப்பதால் அவற்றை இங்கே மறுபடி எழுதினால் இடம்தான் வீண். யாரும் சொல்லாமலேயே நீங்கள் எதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதில் எவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள், இந்தப் பயிற்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற மூன்றையும் படிப்பவருக்குத் தெரியவைத்தால் போதும்.

'ஏன் இந்தப் பயிற்சி?' என்று 500 சொல்லில் தனியாகக் கட்டுரை கேட்டிருந்தால், காரண விளக்கமெல்லாம் அங்கே போகட்டும். பயோவில் அதற்கு ஒரு வாக்கியம் போதும்.

எல்லாப் பயிற்சிக்கும் இது முக்கியமா?

இல்லை. எழுத உட்காருவதற்கு முன் தேர்வு முறையைப் படித்துவிடுங்கள். இஸ்ரோ 2019-இல் தொடங்கிய யுவிகா 9-ஆம் வகுப்பு மாணவர்களுக்கானது. அங்கே 8-ஆம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு மட்டும் 50 சதவீதம் எடை. இணையவழி வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் அல்லது என்சிசி, ஊராட்சிப் பகுதிப் பள்ளி என்று மிச்சம் பிரியும். அந்த மாதிரி இடத்தில் சான்றிதழைச் சரியாக ஸ்கேன் செய்து ஏற்றுவதுதான் வேலை, எழுத்து நடைக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

விண்ணப்பத்தை ஒரு ஆசிரியரோ ஆய்வாளரோ உட்கார்ந்து படித்து, பிறகு நேர்காணலுக்குக் கூப்பிடும் பயிற்சிகளில்தான் பயோ கணக்கில் வரும். அங்கே நேர்காணலின் முதல் கேள்வி பெரும்பாலும் பயோவிலிருந்துதான் எழும். கீழே உள்ளதெல்லாம் அந்த வகைக்கு.

எங்கிட்ட எழுதுற மாதிரி ஒண்ணுமே இல்லையே, என்ன பண்றது?

எழுதுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்காமல், செய்வதையெல்லாம் முதலில் ஒரு தாளில் இறக்குங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு நெடுவரிசை போடுங்கள்: என்ன செய்கிறேன், எப்போதிருந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதில் மிஞ்சி நிற்பது என்ன. நான்காவது நெடுவரிசைதான் முக்கியம். நோட்டு, படம், தைத்த துணி, பழுது பார்த்த சைக்கிள், உங்களிடம் கற்றுக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையன், எதுவானாலும் சரி. மேடையும் கோப்பையும் வேண்டியதில்லை.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வேதாரண்யத்தில் 11-ஆம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி, சூழலியல் கோடைப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள். விளக்கத்துக்காகக் கட்டிய ஆள்தான். ஆனால் ஊரும் உப்பளமும் பறவையும் உள்ளவை. பக்கத்தில் கோடியக்கரை சரணாலயம், 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம், குளிர்காலத்தில் பூநாரைகள் வரும் இடம். முதலில் அவள் தாளில் எழுதியது: பேச்சுப் போட்டி, பசுமைப் படை, கபடி, கோலம், அபாகஸ். "வேறு?" என்று கேட்டபின் வந்தவை: அம்மாவின் இட்லிக் கடையில் மாலைக் கணக்கு, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது உப்பளத்தில் பூநாரை எண்ணி நோட்டில் குறிப்பது. தன்னிடம் இருப்பதிலேயே கனமானதை அவள் கடைசியில்தான் சொன்னாள். நிறையப் பேர் இப்படித்தான். பள்ளியில் பெயர் வைத்து நடப்பது மட்டும்தான் 'ஆக்டிவிட்டி' என்று மனதில் பதிந்துவிட்டது.

எனக்கு நேர்மாறு. பதினஞ்சு விஷயம் இருக்கு. எதை விடுறது?

மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு. ஒன்று தடிமனாக, மற்றவை ஒவ்வொரு வாக்கியம். பதினைந்தையும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுச் சொல்தான் கிடைக்கும், எதுவும் மனதில் நிற்காது.

கழிப்பதற்கு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் பற்றித் தொடர்ந்து மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள், வீட்டில் யாராவது போதும். அபாகஸ் என்றால் "எந்த நிலை முடித்தாய்? இப்போதும் அதில் கணக்குப் போடுகிறாயா? எதற்குப் பயன்பட்டது?" நம் மாணவி இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிட்டாள். பூநாரை என்றால் "எத்தனை நாள்? எந்தப் பாத்தியில்? வராத நாளில் என்ன எழுதினாய்?" மூன்றுக்கும் பதில் இருந்தது, மூன்றாவதுக்கு 'பூஜ்யம்' என்று குறித்த பக்கத்தையே எடுத்துக் காட்டினாள். பறவை இல்லாத நாளையும் எழுதி வைத்திருப்பவள் எண்ணத் தெரிந்தவள் என்று சூழலியல்காரர்களுக்கு உடனே புரியும். அதுதான் தடிமனான பகுதி.

மிச்சத்தில் ஒன்று முக்கியமானதைத் தாங்குவதாக இருக்கட்டும், இன்னொன்று அதோடு சம்பந்தமே இல்லாததாக இருக்கட்டும். இவளுக்குப் பசுமைப் படை தாங்கும், கபடி வேறு திசை. எல்லாமே பறவையாக இருந்தால், பயிற்சிக்காகவே செய்துவைத்த மாதிரி தெரியும்.

ஒண்ணு எழுதித்தான் காட்டுங்களேன்.

முதலில், நம் மாணவி தன் போக்கில் எழுதினால் வருவது:

"நான் சிறு வயது முதலே இயற்கையின் மீது தீராத ஆர்வம் கொண்டவள். படிப்பில் மட்டுமின்றிப் பேச்சுப் போட்டி, கபடி, கோலம், அபாகஸ் எனப் பல துறைகளிலும் சிறந்து விளங்குகிறேன். பசுமைப் படையில் உறுப்பினராக இருந்து தலைமைப் பண்பையும் குழு மனப்பான்மையையும் வளர்த்துக்கொண்டேன். பறவைகளைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். தங்களின் மதிப்புமிக்க பயிற்சியில் கலந்துகொள்ள வாய்ப்புக் கிடைத்தால் அதைப் பெரும் பாக்கியமாகக் கருதுவேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 'கோலம்' என்ற இடத்தில் 'ஓவியம்' என்று மாற்றினால் வேறு எந்த ஊர் மாணவிக்கும் அப்படியே பொருந்தும். பறவைகளைப் பார்ப்பது பிடிக்கும் என்றால் என்ன பறவை, எங்கே, எத்தனை தடவை? ஒன்றும் தெரியவில்லை. கடைசி வாக்கியம் கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரி மாதிரி, மரியாதை இருக்கிறது, செய்தி இல்லை.

அதே ஆள், அதே செய்திகள், திருத்தி எழுதியபின்:

"வேதாரண்யத்தில் அப்பா வேலை பார்க்கும் உப்பளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குப் பூநாரைகளை எண்ணுகிறேன். 9-ஆம் வகுப்பிலும் 11-ஆம் வகுப்பிலும் ஜனவரி முதல் மார்ச் வரை மொத்தம் 22 நாள் எண்ணியதில் 17 நாள் பறவைகள் இருந்தன; ஒரு நாள்கூட உப்பு விளையும் பாத்தியில் இறங்கவில்லை, உவர்நீர் தேங்கும் பாத்திகளில்தான் நின்றன. காரணம் நீரின் ஆழமா, அதில் கிடைக்கும் இரையா என்பது இன்னும் பிடிபடவில்லை. பள்ளிப் பசுமைப் படையில் 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 6 பேருக்குப் பறவை எண்ணக் கற்றுக்கொடுத்தேன். மாலையில் அம்மாவின் இட்லிக் கடைக் கணக்கு என் பொறுப்பு. பள்ளிக் கபடி அணியில் இடது மூலையில் ஆடுகிறேன். நீரை அளக்கும் முறையைக் கற்கவே இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன்."

77 சொற்கள். முதல் வாக்கியத்திலேயே இடம், நேரம், செயல் மூன்றும் வந்துவிட்டன, 'ஆர்வம்' என்ற சொல் எங்குமே இல்லை. இரண்டாவது வாக்கியம் நீளம்தான். ஆனால் அவள் செய்த வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது, அதைச் சுருக்கக் கூடாது. மூன்றாவது வாக்கியத்தைப் பலர் வெட்டச் சொல்வார்கள், தெரியாததை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று. பயிற்சி நடத்துகிறவருக்கு அந்த வாக்கியம்தான் இந்தப் பெண்ணைக் கூப்பிடக் காரணமாக இருக்கும். சொல்லித்தர ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. கடைசி வாக்கியம் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டு முடிகிறது. பேச்சுப் போட்டியும் கோலமும் அபாகஸும் போய்விட்டன, யாரும் தேடப்போவதில்லை.

'நான்'னு எழுதணுமா, 'இவர்'னு எழுதணுமா?

அறிவிப்பில் சொல்லியிருந்தால் அதன்படி. சொல்லாவிட்டால் 'நான்'. தமிழில் தன்னைத் தானே 'இவர்' என்று எழுதும்போது 'ஆர்வம் மிக்கவர்', 'பன்முகத் திறமை கொண்டவர்' என்று கை தானாகவே பொன்னாடை போர்த்தப் போய்விடும். மேடையில் வரவேற்புரை சொல்கிறவரின் நடை அது. 16 வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி அப்படி எழுதினால் வேறு யாரோ எழுதித் தந்தது போலத் தெரியும்.

'இவர்' வடிவம்தான் வேண்டும் என்றால், முதலில் 'நான்' வைத்து முழுதும் எழுதி முடித்துவிட்டு வினைமுற்றுகளை மட்டும் மாற்றுங்கள்: எண்ணுகிறேன், எண்ணுகிறார். புதிதாக ஒரு அடைமொழிகூட உள்ளே வரக் கூடாது. 'அப்பா', 'அம்மா' என்பவை 'தந்தை', 'தாய்' ஆகிவிடும், அவ்வளவுதான்.

ஃபார்ம் இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ்ல எழுதி மொழிபெயர்க்கலாமா?

செய்திகளைத் தமிழில் திரட்டுங்கள், வாக்கியங்களை ஆங்கிலத்தில் புதிதாகக் கட்டுங்கள். முதல் கேள்விகளில் சொன்ன தாள், மூன்று கேள்விச் சோதனை எல்லாம் தமிழிலேயே நடக்கட்டும், அப்போதுதான் உண்மையான விவரம் வெளியே வரும். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் 'ஐ ஆம் பேஷனேட் அபௌட்' என்ற பழகிய பாதையில் போய்விடுவீர்கள்.

சிக்கல் பெயர்ச்சொற்களில்தான். பூநாரை 'ஃபிளமிங்கோ' என்று தெரியும். உப்பளப் பாத்திகளில் உவர்நீர் தேங்குவதற்கும் உப்பு விளைவதற்கும் தனித்தனி ஆங்கிலப் பெயர் உண்டு: 'கண்டென்சர்', 'கிரிஸ்டலைசர்'. தெரியாவிட்டால் 'உப்பு படியும் ஆழமில்லாத பாத்தி' என்று விளக்கமாக எளிய ஆங்கிலத்தில் எழுதினாலே போதும். அகராதியில் தேடி எடுத்த பெரிய சொல்லைப் போட்டுவிட்டு நேர்காணலில் அதை உச்சரிக்கத் திணறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

150 எழுத்துன்னு போட்டிருக்கு. நான் எண்ணினா கம்மியாத்தான் வருது, ஃபார்ம் ஏத்துக்க மாட்டேங்குது.

நீங்கள் எண்ணுவது தமிழ் எழுத்து, கணினி எண்ணுவது யூனிக்கோடு குறிகள். 'பூநாரை' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ப, ஊகாரக் குறி, ந, கால், ர, ஐகாரக் குறி என்று ஆறு. 'உப்பளம்' நமக்கு ஐந்து, இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறி என்பதால் கணினிக்கு ஏழு. இடைவெளியும் நிறுத்தக்குறியும் கணக்கில் சேரும். எனவே தமிழில் 150 'எழுத்து' என்பது பெரும்பாலும் 12 முதல் 18 சொற்கள்தான்.

சொல் கணக்கில் நிலைமை தலைகீழ். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் குறைந்த சொல்லில் நிறையச் சொல்லலாம். மேலே 77 சொல்லில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதினால் நூறைத் தாண்டும். தமிழ் வரைவை வைத்து 'நூறுக்குள் இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: சில படிவங்கள் எச்சரிக்காமலேயே வரம்போடு வெட்டிவிடும். கடைசி வாக்கியம் பாதியில் தொங்கும். ஒட்டியபின் கட்டத்தின் அடிவரை உருட்டிப் பார்த்துவிட்டு, முன்னோட்டப் பக்கத்திலும் ஒரு தரம் படியுங்கள்.

வெறும் 50 வார்த்தைதான் கேட்டா?

வாக்கியங்களைச் சுருக்கிக்கொண்டே போகாமல், வாக்கியங்களை முழுசாக எடுத்துவிடுங்கள். மேலே உள்ளதில் முதல் மூன்று வாக்கியங்களும் கடைசி வாக்கியமும் சேர்ந்தால் 53 சொல். 'காலை 6 மணிக்குப்', 'மொத்தம்' என்பவற்றை எடுத்தால் 49. கபடியும் கடையும் பசுமைப் படையும் போகும், வருத்தம்தான். ஆனால் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வைத்திருந்தால் பழைய முதல் வரைவுக்கே திரும்பியிருப்போம்.

ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிக் கட்டம் தரும் படிவங்களும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப்பில் 10 செயல்கள் வரை போடலாம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்து. அந்த மாதிரி இடத்தில், பயோவில் விட்டதையெல்லாம் வரிசையாகப் போடலாம். பயோவில் வந்ததை மறுபடி விளக்க வேண்டாம்.

கடையில அம்மாவுக்கு உதவுறது, தம்பியப் பாத்துக்கிறது, இதெல்லாம் போட்டா அசிங்கமா இருக்காதா?

போடலாம், போட வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் அங்கே போகிறது என்றால், மற்றவர்களைவிட உங்களுக்குக் குறைவான நேரம்தான் மிஞ்சுகிறது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. 'வறுமையான குடும்பச் சூழலிலும் அம்மாவுக்கு உறுதுணையாக இருக்கிறேன்' என்பது இரக்கம் கேட்கும் வாக்கியம். 'மாலையில் அம்மாவின் இட்லிக் கடைக் கணக்கு என் பொறுப்பு' என்பது வேலையைச் சொல்லும் வாக்கியம். இடமிருந்தால் இன்னும் நுணுக்கமாக, 'மீந்த மாவைக் கணக்குப் பார்த்து மறுநாள் அரிசி அளவைச் சொல்வேன்' என்று எழுதலாம். குடும்ப வருமானத்தைச் சொல்ல உதவித்தொகைப் பகுதி தனியாக இருக்கும்.

சர்டிஃபிகேட் ஒரு ஃபைல் நிறைய இருக்கு. அதுல எதுவும் வேண்டாமா?

பங்கேற்புச் சான்றிதழ் எதையும் பயோவில் எழுத வேண்டாம். கட்டணம் கட்டிய எல்லோருக்கும் பதக்கம் தரும் 'அகில உலக'ப் போட்டிகளும் அப்படியே. படிப்பவர்களுக்கு அவற்றின் பெயர்கள் அத்துப்படி. மாவட்ட அளவிலோ அதற்கு மேலோ இடம் பிடித்திருந்து, அது முக்கியச் செயலோடு சம்பந்தப்பட்டிருந்தால் அந்த வாக்கியத்துக்குள்ளேயே செருகுங்கள்: 'இதை மாவட்ட அறிவியல் கண்காட்சியில் வைத்தேன், இரண்டாமிடம்.' சான்றிதழே எடை பெறும் பயிற்சிகள் வேறு, இரண்டாவது பதிலில் சொன்னோம்.

நடுவுல ஒரு வருஷம் நிறுத்திட்டேன். அதை மறைக்கலாமா?

மறைக்கவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். நம் மாணவி 10-ஆம் வகுப்பில் பொதுத்தேர்வுக்காக எண்ணவில்லை. '9-ஆம் வகுப்பிலும் 11-ஆம் வகுப்பிலும்' என்று எழுதியதிலேயே அது தெரிந்துவிட்டது. 'மூன்று ஆண்டுகளாக' என்று எழுதியிருந்தால், அப்புறம் 22 நாள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி வரும். மூன்று ஆண்டில் ஜனவரி முதல் மார்ச் வரை கிட்டத்தட்ட 39 ஞாயிறுகள் உண்டு, இரண்டு ஆண்டில் 26. 26-இல் 22 என்றால் ஒழுங்காகப் போயிருக்கிறாள் என்று தெரிகிறது. இடைவெளியை ஒத்துக்கொண்டது அவளுக்கே சாதகமாகிவிட்டது.

முழுக்கவே விட்டுவிட்ட செயல் என்றால் இறந்த காலத்தில், ஆண்டோடு எழுதுங்கள். 'வீணை வாசிக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் எழுதிவிட்டு, பயிற்சியின் முதல் நாள் மாலை வாசிக்கச் சொன்னால் என்ன செய்வது?

எத்தனை தடவைன்னு சரியா ஞாபகம் இல்ல. ஒரு நம்பர் போட்டுக்கவா?

தோராயமாகப் போடுவதென்றால் குறைத்துப் போடுங்கள், 'சுமார்' சேருங்கள். ஆனால் முதலில் தேடிப் பாருங்கள். நோட்டின் தேதிகள், போன் படங்களின் தேதிகள், நூலக அட்டை, எங்காவது இருக்கும். பறவை எண்ணுகிறவர்கள் eBird செயலியில் பட்டியல் ஏற்றியிருந்தால் மொத்த எண்ணிக்கை அதிலேயே தெரியும்.

பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு போன்ற பொது நிகழ்வில் கலந்திருந்தால், அந்த நாட்களின் பட்டியலையும் யாரும் சரிபார்க்கலாம். கூட்டிச் சொன்னது பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பரிந்துரைக் கடிதத்தில்தான். நீங்கள் 30 பேருக்குக் கற்றுக்கொடுத்ததாக எழுதியிருப்பீர்கள், உங்கள் டீச்சர் நல்ல மனதோடு "ஆறு பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்தாள்" என்று எழுதியிருப்பார்.

குரூப்பா செஞ்சதை 'நான்'னு எழுதலாமா?

குழு செய்ததற்கு 'நாங்கள்', அதில் உங்கள் கை பட்ட இடத்துக்கு 'நான்'. 'நாங்கள் ஐந்து பேர் பள்ளியில் மழைநீர்த் தொட்டி அமைத்தோம்; குழாய் இணைப்பு என்னுடையது' என்பது போல. அடுத்த கேள்வி குழாயைப் பற்றித்தான் வரும், அதற்குத் தயாராக இருங்கள். 'தலைமை தாங்கினேன்' என்று எழுதும் இடத்தில், தலைவராக என்ன செய்தீர்கள் என்பதை எழுதினால் அந்தச் சொல்லே தேவைப்படாது.

டியூஷன் சார் எழுதித் தர்றேங்கிறார். வாங்கிக்கலாமா?

பிழை திருத்தச் சொல்லலாம். எழுதித் தந்தால், பயோவும் கட்டுரையும் இரண்டு வேறு ஆட்கள் எழுதியது போல நிற்கும். ஒரு சோதனை: பயோவைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடமும், நீங்கள் வாயால் ஒருநாளும் சொல்லாத சொல்லும் எங்கே வருகிறதோ, அதுதான் சார் எழுதியது.

ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் கேக்குது. எனக்கு இனிஷியல் மட்டும்தான்.

பயோவுக்குள் பெயரே வேண்டாம், மேலே இருக்கிறது. மேலே உள்ள கட்டத்தில் முதல் பெயருக்கு உங்கள் பெயர், கடைசிப் பெயருக்கு இனிஷியலின் விரிவு, அதாவது பெரும்பாலும் அப்பா அல்லது அம்மா பெயர். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே. பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால், எதை ஆவணமாக ஏற்றப்போகிறீர்களோ அதில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் டீச்சரிடமும் அதே எழுத்துக்கூட்டலைக் கொடுங்கள். இல்லையென்றால் கடிதம் ஒரு பெயரிலும் விண்ணப்பம் ஒரு பெயரிலும் கிடக்கும்.

ஒரே பயோவை நாலு இடத்துக்கு அனுப்பலாமா?

செய்திகள் அதே இருக்கலாம். வரிசையும் கடைசி வாக்கியமும் மாற வேண்டும். நம் மாணவி புள்ளியியல் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கிறாள் என்று வையுங்கள். அதே 22 நாள், அதே 17. ஆனால் 'காரணம் ஆழமா, இரையா' என்ற இடத்தில் இப்படி வரலாம்: "நான் போனது ஞாயிறு காலைகளில் மட்டும். மற்ற நாட்களிலும் இப்படித்தானா என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியுமா என்பது என் கேள்வி." ஒரே நோட்டு, வேறு கேள்வி. அதே மாணவி பத்திரிகைப் பயிற்சிக்குப் போட்டால் இட்லிக் கடை முன்னால் வரலாம், பேச்சுப் போட்டிக்கும் உயிர் வரலாம்.

நகல் எடுத்து ஒட்டும்போது பழைய பயிற்சியின் பெயர் உள்ளேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பயோவுக்குள் எந்தப் பயிற்சியின் பெயரையும் எழுதாமல் 'இந்தப் பயிற்சி' என்றே வைத்துக்கொண்டால் அந்த வம்பே இல்லை.

தேர்வானா பயோவை அவங்க வெப்சைட்ல போடுவாங்களாமே, பரவாயில்லையா?

சில இடங்களில் படத்தோடு போடுவார்கள். விண்ணப்பத்தைப் படிக்கும் நான்கு பேருக்கு எழுதியது வேறு, ஊரே பார்ப்பது வேறு. தேர்வானதும் வெளியிடுவதற்கென்று தனி வடிவம் அனுப்புகிறேன் என்று கேளுங்கள், 18 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோர் ஒப்புதல் படிவமும் அப்போது வரும்.

வெளி வடிவத்தில் போன் எண், வீட்டு முகவரி வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது வேறு. நம் எடுத்துக்காட்டின் முதல் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். ஒரு பள்ளி மாணவி எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, ஆளரவம் குறைந்த எந்த இடத்தில் இருப்பாள் என்று அது சொல்லிவிடுகிறது. விண்ணப்பத்தில் அந்த வாக்கியத்துக்கு வலு தந்தது அந்த விவரம்தான். இணையத்துக்குப் போகும்போது அதை இப்படி மாற்றலாம்: "நாகப்பட்டினம் மாவட்ட உப்பளங்களில் குளிர்காலத்தில் வரும் பூநாரைகளை எண்ணுகிறேன்."